எந்த நாளில் கரு நிற்கும்? தூரமான நாளிலிருந்து அடுத்த தூரம் வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"தலைக்குக் குளிச்ச நாள்ல இருந்து பதினாலு நாள் எண்ணணும்னு எங்க மாமியார் சொல்றாங்க. அப்படித்தானுங்களா?"

இல்லைங்க. இரத்தம் நன்றாகப் பட ஆரம்பித்த அன்றுதான் முதல் நாள். அதற்கு முந்தின நாள் துணியில் பொட்டாகக் கறை தெரிந்தால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். குளித்த நாளுக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

எங்கள் ஸ்கேன் அறைக்கு வரும் பெண்களிடம் "கடைசியாக எப்போது தூரமானீர்கள்?" என்று கேட்டால், கோபி, அந்தியூர்ப் பக்கத்து வீடுகளில் பலருக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது தலைக்கு ஊற்றிய நாள்தான். வீட்டுக்குள் வந்த நாள் அதுவாயிற்றே. சில வீட்டில் அது மூன்றாம் நாள், சில வீட்டில் ஐந்தாம் நாள். ஐந்தாம் நாளை ஒன்று என்று வைத்துப் பதினாலு எண்ணினால், உண்மையில் அது 18-ஆம் நாள். 28 நாளுக்கு ஒரு முறை சரியாகத் தூரமாகிற பெண்ணுக்கு அதற்குள் முட்டை வெடித்து நான்கு நாள் ஆகியிருக்கும். மாதாமாதம் இப்படித் தவறாமல் தாமதமாகப் போய்ச் சேருகிறவர்களைப் பார்க்கிறோம். உடம்பில் ஒரு குறையும் இருக்காது, எண்ணிக்கைதான் தப்பு.

"முதல் நாள்ல இருந்தே எண்ணுறேன். அப்ப பதினாலாம் நாள்தானே எல்லாருக்கும்?"

28 நாள் சுழற்சி இருப்பவருக்கு ஏறத்தாழ அப்படி. மற்றவர்களுக்கு இல்லை.

ஒரு மாதவிடாய்ச் சுழற்சியை இரண்டு பாதியாகப் பாருங்கள். தூரமான நாளிலிருந்து முட்டை வெடிக்கும் நாள் வரை முதல் பாதி. வெடித்த நாளிலிருந்து அடுத்த தூரம் வரை இரண்டாம் பாதி. இரண்டாம் பாதி பெரும்பாலான பெண்களுக்கு 12 முதல் 14 நாள், சிலருக்கு 10 அல்லது 16. ஒரே பெண்ணுக்கு மாதத்துக்கு மாதம் அது அதிகம் மாறாது. நீளுவதும் சுருங்குவதும் முதல் பாதிதான். காய்ச்சலில் படுத்தாலோ, எடை சட்டென்று இறங்கினாலோ, திருப்பூர் கம்பெனிகளில் நைட் ஷிஃப்ட் மாறி மாறி வந்து தூக்கம் கெட்டாலோ, முட்டை வளர்வது தள்ளிப்போகலாம். வெடிப்பது தள்ளிப்போனால் அடுத்த தூரமும் அத்தனை நாள் தள்ளிப்போகும்.

அதனால் முன்னாலிருந்து எண்ணுவதைவிட, அடுத்து தூரமாகப்போகும் நாளிலிருந்து பின்னோக்கி 14 நாள் எண்ணுவது மேல். 35 நாள் சுழற்சிக்கு அது 21-ஆம் நாள், 25 நாள் சுழற்சிக்கு 11-ஆம் நாள். 1920-களிலேயே ஜப்பானில் ஒகினோ என்ற மருத்துவரும் ஆஸ்திரியாவில் க்னாஸ் என்ற மருத்துவரும் தனித்தனியாகக் கண்டு சொன்ன கணக்கு இது. இதில் உள்ள சிக்கல் உங்களுக்கே தெரிந்திருக்கும்: அடுத்த தூரம் எப்போது என்று முன்கூட்டியே உறுதியாக யாருக்கும் தெரியாது. பழைய மாதங்களை வைத்து ஊகிக்கத்தான் முடியும். செல்போன் ஆப் செய்வதும் அதே ஊகம்தான். அது பச்சையில் காட்டுகிற நாள் உங்கள் உடம்பைப் பார்த்துச் சொன்னதல்ல, போன மாதங்களின் சராசரி.

"ஒவ்வொரு நாளும் எத்தனை சதவீதம் வாய்ப்புன்னு நேராச் சொல்லுங்களேன்."

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1980-களின் தொடக்கத்தில், குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த 221 பெண்கள் தினமும் காலைச் சிறுநீரைச் சேர்த்து வைத்தார்கள், கணவருடன் சேர்ந்த நாளையும் குறித்தார்கள். சிறுநீரில் இருந்த ஹார்மோன்களை அளந்து முட்டை வெளிவந்த நாளைக் கணித்தார்கள். வில்காக்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1995-இல் வெளியிட்ட அந்த முடிவுதான் இன்றும் டாக்டர்கள் சொல்லும் கணக்குகளுக்கு அடிப்படை.

கரு நின்ற அத்தனை சுழற்சிகளிலும் கணவன் மனைவி சேர்ந்த நாள் ஆறே நாளுக்குள் அடங்கியது: முட்டை வெடித்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். வெடிப்பதற்கு ஐந்து நாள் முன்னால் ஒரே ஒரு முறை சேர்ந்திருந்தால் வாய்ப்பு 10 சதவீதம் போல. நான்கு, மூன்று நாள் முன்னால் என்றால் 15-ஐ ஒட்டி. இரண்டு நாள் முன்னால் என்றால் 27. முந்தின நாளும் வெடித்த நாளும் 30-ஐக் கொஞ்சம் தாண்டியது. வெடித்ததற்கு மறுநாள்? அன்று மட்டும் சேர்ந்து கரு நின்றதாக ஒருவர்கூட இல்லை. அதாவது வாய்ப்பு படிப்படியாக மேலே ஏறி, உச்சியில் இருந்து ஒரேயடியாக விழுகிறது. நடு மாதத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் சமமாகப் பரவியிருக்கும் என்று நினைப்பவர்கள் தவறுவது இங்கேதான்.

ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். சிறுநீரை வைத்துக் கணிக்கும் நாள் ஒரு நாள் முன்பின் ஆகலாம். அந்தப் பிழையைக் கழித்துப் பார்த்த பிந்தைய கணக்குகளில் வெடித்த நாளின் வாய்ப்பு நன்றாகக் குறைந்துவிட்டது. அதற்கு முந்தைய இரண்டு நாளே முதலிடத்துக்கு வந்தன. ஆகவே "இன்னைக்குத்தான் வெடிக்குது, இன்னைக்கே இருக்கணும்" என்று பதறுவதைவிட, அதற்கு முன்பே இரண்டு மூன்று முறை சேர்ந்திருப்பதுதான் கணக்குக்குப் பொருந்துகிறது.

இன்னொன்று. அந்த ஆய்வில் சிறுநீரில் மட்டும் தெரிந்து சில நாளில் கலைந்த கருவையும் சேர்த்தே எண்ணினார்கள். 192 கருக்களில் 129 தான் குழந்தையாகப் பிறந்தன. 30 சதவீதம் என்பதை "30 சதவீதம் குழந்தை" என்று படிக்க வேண்டாம்.

"முட்டை வெடிக்கறதுக்கு முன்னாடியே சேர்ந்தா எப்படிங்க நிக்கும்? முட்டையே வரலையே?"

விந்தணு காத்திருக்கும், முட்டை காத்திருக்காது. வெடித்து வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணு நல்ல சளி இருந்தால் பெண்ணின் உடம்புக்குள் மூன்று நாள், சில சமயம் ஐந்து நாள்கூடத் தாங்கும். அந்தச் சளி கர்ப்பப்பை வாயில் சுரப்பது.

இங்கே ஒரு பயத்தைச் சொல்லியாக வேண்டும். "வெள்ளைப்படுதுங்க்கா, உடம்பு உருகிப் போயிருமாம்" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நோயே இல்லை. தூரம் நின்ற பிறகு சில நாள் வறண்டிருக்கும். அப்புறம் பிசுபிசுவென்று கொஞ்சம் வெள்ளையாக வரும். முட்டை வெடிக்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது அது நிறமில்லாமல், வழுவழுப்பாக, பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஆகிவிடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்லப் பிரித்தால் அறுந்துபோகாமல் நூலாக இழுபடும். விந்தணு நீந்திப் போவதும் தங்குவதும் அந்தச் சளியில்தான். வெடித்த மறுநாளே அது கெட்டியாகிவிடும், வழி அடைபடும். வாய்ப்பு அவ்வளவு சட்டென்று விழுவதற்கு முட்டையின் ஆயுள் ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

அரிப்பு, துர்நாற்றம், தயிர்த் திப்பி போன்றோ மஞ்சளாகவோ பச்சையாகவோ வருவது, இவை வேறு விஷயம். அதற்கு மருந்து வேண்டும்.

"எங்க வீட்டுக்காரர் ரிக் வண்டியில மத்தியப் பிரதேசம் பக்கம் போயிருக்கார். பொங்கலுக்கு ஒரு வாரம்தான் வருவார். எந்த நாள் வரச் சொல்றதுங்க?"

திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. போர்வெல் வண்டியும் லாரியும் ஓடுகிற வீடுகளில் பிரச்சினை பெரும்பாலும் உடம்பில் இல்லை, காலண்டரில்தான். ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

27 வயதுப் பெண். கடைசி ஆறு சுழற்சிகளின் நீளம் 29, 31, 30, 33, 29, 32 நாள். மிகச் சின்னது 29, மிகப் பெரியது 33. இரண்டிலும் 14-ஐக் கழித்தால் முட்டை வெடிப்பது 15-ஆம் நாளிலிருந்து 19-ஆம் நாளுக்குள் என்று வருகிறது. முன்னால் ஐந்து நாளைச் சேர்த்தால், வாய்ப்புள்ள காலம் 10-ஆம் நாளிலிருந்து 19-ஆம் நாள் வரை. கடைசியாகத் தூரமானது ஜனவரி 2. அப்படியானால் ஜனவரி 11 முதல் 20 வரை.

கணவர் 13-ஆம் தேதி வந்து 19-ஆம் தேதி இரவு கிளம்புகிறார். அதாவது சுழற்சியின் 12-ஆம் நாளிலிருந்து 18-ஆம் நாள் வரை வீட்டில் இருக்கிறார். சீக்கிரமாக 15-ஆம் நாளே வெடித்தாலும் அதற்கு முந்தைய மூன்று நாள் கையில் இருக்கிறது. தாமதமாக 19-ஆம் நாள் வெடித்தாலும் முந்தின நாள் வரை இருந்திருப்பார். நல்ல பொருத்தம். இதுவே 20-ஆம் தேதி வந்து 27 வரை இருந்தால், ஒரு வாரம் முழுக்க வீட்டில் இருந்தும் பெரும்பாலும் பயன் இல்லை. ஆகவே தேதியை மாற்ற வழியிருந்தால் முன்னால் நகர்த்தச் சொல்லுங்கள். இரண்டு நாள் முன்கூட்டி வருவதால் போவது கொஞ்சம், இரண்டு நாள் பிந்தினால் போவது எல்லாம்.

இந்தப் பெண்ணுக்கு 15-ஆம் தேதி இழுபடும் சளி தெரிகிறது. அன்று ஸ்கேனில் முட்டைப்பை 15 மில்லிமீட்டர். 17-ஆம் தேதி 19 மில்லிமீட்டர், அன்று சாயந்திரம் சிறுநீரில் பார்க்கும் ஓவுலேஷன் ஸ்ட்ரிப்பில் கோடு கருத்தது. 19-ஆம் தேதி ஸ்கேனில் அந்தப் பை சுருங்கிவிட்டது, கர்ப்பப்பைக்குப் பின்னால் கொஞ்சம் நீர் தெரிகிறது. 18-ஆம் தேதியை ஒட்டி வெடித்திருக்கிறது, அது சுழற்சியின் 17-ஆம் நாள். அவர்கள் சேர்ந்திருந்தது 13, 15, 17, 18 தேதிகளில். இதைவிடச் சரியாக அமைய முடியாது.

பிப்ரவரி 1-ஆம் தேதி தூரமாகிவிட்டாள். இதுவும் கணக்குக்குள்தான் இருக்கிறது. நாள் எல்லாம் பொருந்தினாலும் இளம் வயதிலேயே ஒரு மாதத்தில் நிற்பது மூன்றில் ஒன்று போலத்தான். மிச்சமுள்ள மாதங்களில் யாரும் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டார்கள். "எல்லாஞ் சரியாத்தானே பண்ணுனோம்" என்று அழுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறோம்.

"மெடிக்கல்ல விக்கிற ஓவுலேஷன் ஸ்ட்ரிப்பை நம்பலாமுங்களா?"

நம்பலாம், ஆனால் அது என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு. முட்டையை வெடிக்கச் சொல்லி மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனைத் திடீரென்று அதிகமாக விடுகிறது. அது ஏற ஆரம்பித்து ஏறத்தாழ ஒன்றரை நாளில் முட்டை வெடிக்கும். ஸ்ட்ரிப் பார்ப்பது இந்த ஏற்றத்தை. கோடு தெரிந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் இருக்கும் கன்ட்ரோல் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிடக் கருப்பாகவோ இருக்க வேண்டும். கர்ப்பம் பார்க்கும் கார்டில் லேசான கோட்டுக்கும் அர்த்தம் உண்டு, இதில் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்கள் நிறைய.

இந்த ஏற்றம் பெரும்பாலும் விடியற்காலையில் தொடங்கிச் சிறுநீரில் தெரியச் சில மணி நேரம் ஆகும். அதனால் முதல் சிறுநீரை விட்டுவிட்டு மதியத்திலோ சாயந்திரத்திலோ பாருங்கள். பார்ப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க வேண்டாம், கோடு வெளுத்துவிடும். உங்கள் கணக்குப்படி வெடிப்பதற்கு நான்கு நாள் முன்பே ஆரம்பியுங்கள்.

நீர்க்கட்டி, அதாவது பி.சி.ஓ.டி. என்று சொல்லப்பட்ட பெண்களிடம் ஸ்ட்ரிப் ஏமாற்றும். அவர்களில் பலருக்கு எல்.எச். எப்போதுமே கொஞ்சம் ஏறியே இருக்கும், கோடு நான்கு ஐந்து நாள் தொடர்ந்து கருக்கும், முட்டை வெடித்திருக்காது. அவர்களுக்கு ஸ்கேன்தான் சரி.

காலையில் எழுந்ததும் உடல் சூடு பார்ப்பதையும் கேட்கிறார்கள். வெடித்த பிறகுதான் சூடு 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் ஏறும். வாய்ப்பு முடிந்துபோன செய்தியைச் சொல்லும் கருவி அது. வெடிக்கிறதா இல்லையா என்று அறிய உதவும், எந்த நாள் சேர்வது என்று முடிவு செய்ய உதவாது.

"அந்த நாளுக்காக மாசம் முழுக்கச் சேராம இருந்தா சக்தி கூடுமுங்களா?"

கூடாது. நீண்ட நாள் விட்டால் விந்தணு எண்ணிக்கை கொஞ்சம் கூடலாம், ஆனால் தேங்கிக் கிடக்கும் விந்தணுவின் ஓட்டம் குறைந்துவிடும். மேலே சொன்ன ஆய்வின் கணக்குப்படி, அந்த ஆறு நாளில் தினமும் சேர்ந்தால் ஒரு சுழற்சியில் 37 சதவீதம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் 33, வாரத்துக்கு ஒரு முறை என்றால் 15. முதல் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உடம்பு அசதியாக இருக்கிறவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் ஸ்ட்ரிப், ஆப், ஸ்கேன் எதுவுமே இல்லாமல் அந்த ஆறு நாளைத் தவறவிட மாட்டார்கள். என்னைக் கேட்டால், கணவர் உள்ளூரில் இருக்கிற இளம் தம்பதிக்கு முதல் ஆறு மாதம் இது போதும்.

"இருபத்தொண்ணாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு முட்டையே வெடிக்கலைன்னு சொல்லிட்டாங்க. பயமா இருக்குதுங்க."

உங்கள் சுழற்சி எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள். அந்தப் பரிசோதனை புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைப் பார்க்கிறது. வெடித்து ஒரு வாரத்தில் அது உச்சத்தில் இருக்கும். 28 நாள் சுழற்சிக்கு அந்த நாள் 21. 35 நாள் சுழற்சிக்கு 21-ஆம் நாள்தான் முட்டையே வெடிக்கும், அன்று ரத்தம் எடுத்தால் குறைவாகத்தான் காட்டும். உங்களுக்கும் 35 நாள் என்றால் 28-ஆம் நாள் எடுத்திருக்க வேண்டும். அடுத்த தூரத்துக்கு ஏழு நாள் முன்னால் என்று எண்ணி, டாக்டரிடம் சொல்லி இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

"தூரம் நின்ன உடனே சேர்ந்தா நிக்காது, அது சேஃப்னு சொல்றாங்களே?"

வாய்ப்பு குறைவுதான், இல்லை என்று சொல்ல முடியாது. 24 நாள் சுழற்சி உள்ளவருக்கு 10-ஆம் நாளே முட்டை வெடிக்கலாம். ஐந்து நாள் பின்னால் போனால் 5-ஆம் நாள், இன்னும் கறை நின்றிருக்காது. அதே ஆய்வுக் குழு 2000-இல் வெளியிட்ட இன்னொரு கணக்கில், 7-ஆம் நாளுக்குள்ளேயே 17 சதவீதப் பெண்கள் வாய்ப்புள்ள காலத்துக்குள் வந்திருந்தார்கள். பாடப்புத்தகம் சொல்லும் 10 முதல் 17 வரையிலான நாட்களுக்குள் முழுதாக அடங்கியவர்கள் 30 சதவீதம்தான். குழந்தை வேண்டாம் என்று இருப்பவர்கள் இந்த நாள் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

"எந்த நாள் சேர்ந்தா பையன், எந்த நாள் சேர்ந்தா பொண்ணு?"

சேர்ந்த நாளுக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பதற்கும் அந்த ஆய்வில் தொடர்பு எதுவும் தெரியவில்லை. இப்படி நாள் குறித்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

"ஆடிக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. ஒரு மாசம் வீணாப் போச்சுங்களா?"

பெரும்பாலும் ஒரு சுழற்சியின் ஆறு நாள் போகும். ஆவணியில் திரும்பிப் போனதும் கணக்கு பழையபடிதான், சேர்த்து வைத்தோ பறிகொடுத்தோ ஆவது எதுவும் இல்லை.

"சேர்ந்து ஒரு வாரம் ஆச்சுங்க. கார்டு போட்டேன், ஒரே கோடு. நிக்கலையா?"

இன்னும் தெரியாது. கருவான முட்டை உடனே கர்ப்பப்பையில் ஒட்டிவிடாது. வெடித்து 6 நாளிலிருந்து 12 நாளுக்குள் ஒட்டும், பெரும்பாலும் 8, 9, 10-ஆம் நாளில். ஒட்டிய பிறகுதான் கார்டு காட்டுகிற ஹார்மோன் சுரக்க ஆரம்பிக்கும், அது சிறுநீரில் தெரியும் அளவுக்கு ஏற இன்னும் சில நாள் வேண்டும். மேலே சொன்ன பெண் ஜனவரி 25-இல் போட்டிருந்தால் கரு நின்றிருந்தாலும் ஒரே கோடுதான் வந்திருக்கும். தூரமாக வேண்டிய நாள் தள்ளிப்போன பிறகு, காலை முதல் சிறுநீரில் போடுங்கள். இதற்கு முதல் சிறுநீர்தான் நல்லது. ஒரு கோடு வந்து, தூரமும் ஆகவில்லை என்றால் மூன்று நாள் கழித்து மறுபடி போடுங்கள்.

"எத்தனை மாசம் இப்படியே பார்க்கலாமுங்க?"

35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம், 35 தாண்டியிருந்தால் ஆறு மாதம். 21 நாளுக்குள்ளோ 35 நாளைத் தாண்டியோ தூரமாகிறவர்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டாம், அவர்களுக்கு முட்டை ஒழுங்காக வெடிக்கிறதா என்பதே முதல் கேள்வி. கணவர் ஊரில் இல்லாத மாதங்களை அந்த ஒரு வருடத்தில் சேர்க்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது தூரமான தேதிகளை எழுதி எடுத்துப் போங்கள், மருதமலை காலண்டரில் பேனாவால் சுழித்திருந்தால் அதைக் கிழித்துக்கொண்டே வாருங்கள். கணவரையும் கூட்டி வாருங்கள். விந்துப் பரிசோதனை செலவு குறைந்தது, வலி இல்லாதது, அதை முதலில் முடித்துவிட்டால் மனைவிக்கு எடுக்க வேண்டிய பாதிப் பரிசோதனைகளைத் தள்ளி வைக்கலாம். "எனக்கெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று வாசலிலேயே வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் சீக்கிரம் முடிகிற வேலை இது என்று நாங்களே போய்ச் சொல்லியிருக்கிறோம்.